1000 சிசி பெற்றோல் கார்: லீற்றருக்கு 17 ஓடியது திடீரென்று 12க்கு இறங்கிவிட்டது, எங்கே பார்ப்பது?

நீர்வேலியான்

வணக்கம். என்னுடையது 1000 சிசி, மூன்று சிலிண்டர், மனுவல் கியர் பெற்றோல் கார். வாங்கியதிலிருந்து லீற்றருக்கு 17 கிலோமீற்றர் குறையாமல் தந்தது. போன மாதத்திலிருந்து பெற்றோல் முள் கண்ணுக்கு முன்னால் இறங்குகிறது. சந்தேகத்துக்கு டாங்கை நிரப்பி ஓடி, அதே செட்டில் திரும்ப நிரப்பிக் கணக்குப் பார்த்தேன். 374 கிலோமீற்றருக்கு 30 லீற்றருக்குக் கொஞ்சம் மேலே போயிருந்தது. அதாவது 12.4.

கராஜில் காட்டியபோது ஸ்கான் எதுவும் பண்ணாமலே ஒட்சிசன் சென்சர் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்றார்கள். சொன்ன விலை பெரிய விலை. எயார் ஃபில்டரும் ஊத்தையாக இருக்கிறது, ரயரில் காற்றும் குறைவு என்றார்கள். செக் எஞ்சின் லைட் எரியவில்லை. சென்சரை மாற்றத்தான் வேண்டுமா, அல்லது ஃபில்டரும் காற்றும் சரி செய்தால் போதுமா?

வான்கார மாமா

தம்பி, சென்சருக்குக் காசைக் கொட்டாதையும். முதல் ஃபில்டரைக் கழற்றி வெயிலுக்குப் பிடித்துப் பாரும், வெளிச்சம் தெரியாவிட்டால் அதுதான் கள்ளன். எஞ்சினுக்கு மூச்சு முட்டினால் பெற்றோலைத்தான் குடிக்கும். என் வானில் ஃபில்டர் மாற்றின அன்றைக்கே வித்தியாசம் தெரிந்தது. ரயருக்கு 40 அடியும், பந்து மாதிரி உருளும்.

ஆனையிறவுக் காற்று

95 ஒக்டேன் அடித்துப் பாருங்கள், எனக்குக் கூட ஓடுகிற மாதிரி இருந்தது.

கிறீஸ் கை

மாமா சொன்னது காபரேட்டர் வானுக்குச் சரி. அதில் ஃபில்டர் அடைத்தால் சோக் இழுத்துவிட்ட மாதிரித்தான், காற்றுக் குறையும், பெற்றோல் குறையாது. இந்தக் கார் இன்ஜெக்‌ஷன். உள்ளே எவ்வளவு காற்று வருகிறதோ அதற்கு அளந்துதான் ஈசியூ என்கிற எஞ்சின் கம்பியூட்டர் பெற்றோல் விடும். ஃபில்டர் அடைத்தால் இழுவை குறையும், நீங்கள் அக்சிலேட்டரைக் கூட மிதிப்பீர்கள், அவ்வளவுதான். ஊத்தை என்றால் மாற்றுங்கள், ஆனால் இந்த வீழ்ச்சிக்கு அது காரணம் இல்லை.

ரயர் விஷயம். எத்தனை இருந்தது, எத்தனை இருக்க வேண்டும்? சாரதிப் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஸ்டிக்கர் இருக்கும். 40 அடிக்க வேண்டாம் மாமா, மழை ரோட்டில் பிரேக் பிடிக்கும்போது தெரியும், ரயரும் நடுவில் தேயும். 92க்குச் செய்த எஞ்சினுக்கு 95 ஊற்றுவதால் மைலேஜ் ஏறாது.

இப்போது கணக்கைப் பாருங்கள். 17 ஓடும்போது 100 கிலோமீற்றருக்கு 5.9 லீற்றர். 12.4 என்றால் 8.1 லீற்றர். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடப் போகிறது. இது காற்றுக் குறைவுக் கணக்கு இல்லை, எங்கோ பெற்றோல் தேவையில்லாமல் ஊற்றுப்படுகிறது, அல்லது சில்லு ஏதோ இறுகிக் கிடக்கிறது.

மூன்று கேள்வி. சாவியை ON இல் வைத்தால், ஸ்டார்ட் பண்ண முதல், அந்த மஞ்சள் எஞ்சின் லைட் வந்து போகிறதா? பழைய கார்களில் பல்பைக் கழற்றிவிட்டு விற்பவர்கள் இருக்கிறார்கள். இரண்டாவது, மைலேஜ் விழ முதல் காரில் யாராவது எதையாவது கழற்றிப் பூட்டினார்களா? மூன்றாவது, புளூடூத் ஸ்கானர் ஒன்றை இரவல் வாங்க முடியுமா?

நீர்வேலியான்

லைட் வந்து போகிறது அண்ணை. ஸ்டிக்கரில் 33, எனக்கு இருந்தது நாலிலும் 25, 26. இப்போது 33 ஆக்கிவிட்டேன்.

கழற்றினது என்றால், சைலன்சர். கிறவல் ரோட்டில் அடிபட்டுத் தொங்கியது, முன் குழாயோடு கழற்றி வெல்டிங் பிடித்துப் பூட்டினார்கள். அதற்கும் பெற்றோலுக்கும் என்ன சம்பந்தம்? சித்தப்பாவின் மகனிடம் ஸ்கானர் இருக்கிறது, நாளைக்குப் போட்டுப் பார்க்கிறேன்.

கிறீஸ் கை

நிறையச் சம்பந்தம். ஸ்கானர் வரட்டும். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, ஏசியை நிறுத்திவிட்டு, நியூட்ரலில் வைத்து STFT, LTFT, O2 B1S1 மூன்றையும் பாருங்கள். முதல் இரண்டும் ஈசியூ பெற்றோலை எத்தனை சதவீதம் கூட்டுகிறது, குறைக்கிறது என்ற கணக்கு, STFT அந்த நேரத்துக்கு, LTFT நெடுநாளுக்கு. மூன்றாவது முன் ஒட்சிசன் சென்சர் காட்டுகிற வோல்ட். பிறகு 2500 ஆர்பிஎம்மில் கொஞ்ச நேரம் பிடித்துத் திரும்பப் பாருங்கள். ஒரு பிளக்கையும் கழற்றி நிறம் சொல்லுங்கள்.

காற்று 33 ஆக்கியது நல்லது. காலையில், ஓட முதல் அளக்க வேண்டும், வெயிலில் ஓடி வந்து அளந்தால் மூன்று, நாலு கூடக் காட்டும். ஆனால் எட்டுக் குறைந்ததற்கு மைலேஜில் போவது ஏறக்குறைய இரண்டு சதவீதம். உங்களுக்குக் காணாமல் போனது அதைப்போலப் பல மடங்கு.

காரைநகர் சுகி

எனக்கும் இதே பிரச்சினை இருந்தது. எல்லாரும் சென்சர் சென்சர் என்றார்கள். கடைசியில் பின் சில்லின் ஹான்ட் பிரேக் கேபிள் துருப்பிடித்து இறுகி, பிரேக் பாதி பிடித்தபடியே ஓடியிருக்கிறது. எங்கள் பக்கத்து உப்புக் காற்றுக்குக் கேபிள் நெடுநாள் நிற்காது. சமதரையில் நியூட்ரலில் தள்ளிப் பாருங்கள். ஓடி வந்து நிறுத்தின உடனே நாலு றிம்முக்குக் கிட்டவும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், ஒன்று மட்டும் கொதித்தால் அதுதான். தொட்டுவிடாதீர்கள், எனக்குக் கொப்புளம் போட்டது.

நீர்வேலியான்

சுகி அக்கா, தள்ளிப் பார்த்தேன், கொஞ்சம் பாரமாகத்தான் இருந்தது. ஆனால் முன்பு எப்படி இருந்தது என்று தெரியாதே.

ஸ்கானர் போட்டாயிற்று. தண்ணீர்ச் சூடு 88. நியூட்ரலில் LTFT +19, STFT +4க்குக் கிட்ட ஏறி இறங்குகிறது. O2 B1S1 பெரும்பாலும் 0.1, 0.2 இலேயே கிடக்கிறது, இடையிடையே தலையைத் தூக்குகிறது. 2500இல் LTFT +8, சென்சர் 0.1க்கும் 0.8க்கும் இடையில் ஒழுங்காக ஓடுகிறது. நிலுவையில் P0171 என்று ஒரு கோட் நிற்கிறது. படித்துப் பார்த்தால் பெற்றோல் குறைவு என்று அர்த்தமாம்! பெற்றோல் கூடக் குடிக்கிற காரில் குறைவு என்று எப்படி வரும்? பிளக் மூன்றும் கரி, கையில் ஒட்டுகிறது.

வான்கார மாமா

பார்த்தீரா, சென்சர் பொய் சொல்லுது. அப்ப கராஜ்காரன் சொன்னது சரிதான். கழற்றிப் பெற்றோலில் ஊறவைத்துக் கழுவிப் போடும், புதுசு வேண்டாம்.

கிறீஸ் கை

பொய் சொல்கிறது, சரி. ஆனால் சென்சர் செத்திருந்தால் 2500இல் இப்படி ஒழுங்காக ஏறி இறங்காது. கழுவுவதாலும் ஒன்றும் வராது மாமா, உள்ளே இருப்பது பீங்கான், பெற்றோல் அதற்கு மருந்து இல்லை.

நீர்வேலியான், உங்கள் பதில் அந்தப் பிளக்கில் இருக்கிறது. கம்பியூட்டர் பெற்றோல் குறைவு என்று நினைத்து, நியூட்ரலில் இருபது சதவீதத்துக்கு மேல் கூட ஊற்றுகிறது. உண்மையிலேயே குறைவாக இருந்தால், அதாவது இன்டேக் பக்கம் ஓட்டை விழுந்து கள்ளக் காற்று உள்ளே போனால், கூட ஊற்றுவது அதற்கு ஈடாகிவிடும், பிளக் கறுக்காது, வெளிறித்தான் நிற்கும். உங்களுடையது கரி. ஆகவே எஞ்சினுக்குள் பெற்றோல் கூடத்தான் இருக்கிறது, சென்சருக்கு மட்டும் அது தெரியவில்லை.

ஏன் தெரியவில்லை? சென்சருக்கு முன்னால், மனிஃபோல்டும் முன் குழாயும் சேருகிற இடத்தில் கசிவு என்று நினைக்கிறேன். புகை வெளியே போகிற இடத்தால் காற்று எப்படி உள்ளே வரும் என்று கேட்பீர்கள். புகை ஒரே சீராகப் போவதில்லை, ஒவ்வொரு சிலிண்டரும் தள்ளத் தள்ள அடி அடியாகப் போகிறது. இரண்டு அடிக்கு இடையில் குழாய்க்குள் அமுக்கம் விழும்போது, அந்த வெடிப்பால் வெளிக்காற்று இழுபடும். அதில் இருக்கிற ஒட்சிசனைத்தான் சென்சர் அளந்து, பெற்றோல் காணாது என்கிறது. 2500இல் புகை கூட, இழுபடுகிற காற்று அதோடு பார்க்கச் சின்னது, அதனால்தான் அங்கே +8. நல்லூர், ஸ்டான்லி வீதி என்று ஊர்ந்து ஓடுகிற காருக்கு நியூட்ரல் கணக்குத்தான் பெரிய கணக்கு.

சென்சருக்குப் பின்னால், வெல்டிங்கில் கசிந்தால் சத்தம் வரும், மைலேஜ் இப்படி விழாது. ஆகவே முன் இணைப்பைப் பாருங்கள். காலையில் முதல் ஸ்டார்ட்டில் பொனட்டைத் திறந்து கேளுங்கள், டிக் டிக் என்று வந்து, சூடாகச் சூடாக மறையும். இணைப்பைச் சுற்றிக் கறுப்புக் கோடு இருக்கிறதா பாருங்கள். உறுதிப்படுத்த, எஞ்சினை நிறுத்தி, குழாய் ஆறின பிறகு, பின் குழாயால் காற்றை மெல்ல ஊதி, இணைப்பில் சவர்க்காரத் தண்ணீர் தெளித்தால் குமிழி வரும். பழைய காஸ்கெட்டையே திரும்பப் போட்டிருப்பார்கள், கழற்றினால் அது புதிதாகத்தான் போட வேண்டும்.

நீர்வேலியான்

காலையில் டிக் டிக் கேட்டது. வேறொரு கராஜில் சவர்க்காரத் தண்ணீர் போட்டுப் பார்த்தோம், இணைப்பின் கீழ்ப்பக்கம் நுரை கட்டியது. காஸ்கெட் ஒரு பக்கம் தின்றுபோய்க் கிடந்தது. புதிது போட்டு, ஒரு போல்ட்டும் மாற்றி, கோட்டை அழித்துவிட்டு வந்தோம். சென்சரில் கை வைக்கவில்லை. முழுச் செலவும் சென்சர் விலையில் ஒரு மூலைக்குக் காணாது. ஃபில்டரும் மாற்றினேன் மாமா, உங்கள் மனதுக்காக.

வான்கார மாமா

ஃபில்டரால்தான் இனி இழுக்கும், இருந்து பாரும்.

நீர்வேலியான்

ஒரு டாங்க் ஓடி முடிந்தது. LTFT நியூட்ரலில் +3. மைலேஜ் 15.6. நல்ல ஏற்றம், ஆனால் 17 வரவில்லை. வலது பின் றிம் மற்றதுகளை விடச் சூடு என்று நினைக்கிறேன், நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

கிறீஸ் கை

அந்த 17 எந்த ரோட்டுக் கணக்கு?

நீர்வேலியான்

அப்போது கிழமைக்கு ஒருதரம் கிளிநொச்சி போய்வருவேன். இப்போது டவுனுக்குள் மட்டும்தான், பிள்ளைகளோடு ஏசியும் போடுகிறேன்.

கிறீஸ் கை

அப்படியென்றால் மிச்சத்தில் ஒரு பங்கு பழுது இல்லை, ஏ9 வீதிக்கும் டவுனுக்கும் உள்ள வித்தியாசம்தான். எவ்வளவு என்று இங்கிருந்து பிரித்துச் சொல்ல முடியாது. பின் சில்லு இரண்டையும் ஜக்கில் தூக்கி, ஹான்ட் பிரேக்கை விட்டுவிட்டுக் கையால் சுற்றிப் பாருங்கள். வலது இடதை விட இறுக்கமாகச் சுற்றினால் டிரம்மைக் கழற்றுங்கள். இரண்டும் ஒரே மாதிரி என்றால் ஒருதரம் கிளிநொச்சி போய்வந்து கணக்குப் பார்த்துச் சொல்லுங்கள்.

காரைநகர் சுகி

டிரம் கழற்றும்போது கேபிளையும் இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள் தம்பி. எனக்கு டிரம் மட்டும் சுத்தம் பண்ணி அனுப்பிவிட்டார்கள், கொஞ்ச நாளில் திரும்ப இறுகிவிட்டது.