டேங்க் பெயின்ட் பற்றிய வரியை விளம்பரத்தில் எங்கே வைப்பது?

திருச்சியில் பதிவான 2019 மாடல் ஹோண்டா சிபி ஷைன் வண்டியை விற்க முயல்கிறேன். ஒரே உரிமையாளர், 41,000 கி.மீ. ஓடியது, கடன் முடிந்து, ஆர்சி புத்தகத்திலும் வங்கியின் பெயர் நீக்கப்பட்டுவிட்டது. காப்பீடு அடுத்த மார்ச் வரை உள்ளது.

நிறுத்தியிருந்தபோது வேறொரு வண்டி இடித்துச் சாய்ந்ததால், பெட்ரோல் டேங்கின் வலப்பக்கத்துக்கு மட்டும் மீண்டும் பெயின்ட் அடிக்க நேர்ந்தது. இதை விளம்பரத்தில் எழுதியதால், அழைப்பவர்கள் "விபத்து வண்டியா?" என்று கேட்டதோடு பேச்சை முடித்துக்கொள்கிறார்கள். டேங்கை அருகில் எடுத்த படங்களையும் சர்வீஸ் ரசீதுகளையும் சேர்த்தேன்; விலையைக் குறைத்தேன், அது சந்தேகத்தைக் கூட்டியதாகவே தோன்றுகிறது. மறைத்து விற்க மனமில்லை.

இப்போது இப்படி எழுதியிருக்கிறேன்: "டேங்கின் வலப்பக்கத்தில் மட்டும் புது பெயின்ட். முன் ஃபோர்க் குழாய்கள் நேராக உள்ளன, சேஸிஸில் வெல்டிங் இல்லை, ஓட்டும்போது ஹேண்டில் ஒருபக்கம் இழுக்காது. இன்ஜின் குளிர்ந்திருக்கும் காலை வேளையில் உங்கள் மெக்கானிக்குடன் வந்து, நீங்களே ஸ்டார்ட் செய்து, சேஸிஸ் எண்ணை ஆர்சியுடன் ஒப்பிட்டுப் பார்க்கலாம்."

வண்டி வாங்கி விற்றுப் பழகியவர்கள் சொல்லுங்கள்: இந்தப் பகுதியை விளம்பரத்தின் தொடக்கத்திலேயே வைப்பதா, ஆவண விவரங்களுக்குப் பிறகு வைப்பதா?