வகுப்பாசிரியருக்கு எழுதும் கடிதத்தில் திருத்தம் வேண்டும்

அனைவருக்கும் வணக்கம். குடும்பத்துடன் வேறு ஊருக்குக் குடிபெயர்வதால், நான்காம் வகுப்பில் புதிதாகச் சேரும் எங்கள் மகளால் பள்ளி திறக்கும் நாளில் வர இயலாது. அலுவலகத்தில் தெரிவித்துவிட்டோம்; ஆயினும் அச்செய்தி வகுப்பாசிரியரைச் சென்றடையாவிட்டால், வருகைப் பதிவேட்டில் தகவலின்றி வராதவள் என்று பதிவாகிவிடும் என்பதால், அவருக்குத் தனியே எழுத விரும்புகிறேன். வரைவு இது:

“மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வீடு மாறுவதன் காரணமாக என் மகளால் ஜூன் 2 முதல் 6 வரை பள்ளிக்கு வர இயலாது. 9ஆம் தேதி திங்கட்கிழமை வகுப்புக்கு வருவாள். தேதி மாறினால் வெள்ளிக்கிழமைக்குள் தெரிவிக்கிறேன். மாற்றுச் சான்றிதழை அலுவலகத்தில் ஒப்படைத்துவிட்டோம். இவ்விடுப்பை அனுமதிக்குமாறு வேண்டுகிறேன்.”

சாமான் ஏற்றிவரும் லாரி தாமதமானால் தேதி தள்ளிப்போகும். இருந்தாலும் ‘விரைவில் வருவாள்’ என்பதைவிட ஒரு தேதியைச் சொல்லிவிட்டு, மாறினால் தெரிவிப்பதே ஆசிரியருக்கு வசதி என்று கருதுகிறேன். (வீடு மாறும் கதை முழுவதும் அவருக்கு எதற்கு?)

ஆசிரியர்களாக இருப்பவர்கள் சொல்லுங்கள்: முதல் வாரப் பாடங்களையும் நோட்டுப் பட்டியலையும் இக்கடிதத்திலேயே கேட்கலாமா, அல்லது அவர் பதில் அளித்த பின்னர் கேட்பதுதான் முறையா?