பேச்சிலிருந்து பழமொழியை எடுத்தவர்கள் இருக்கிறீர்களா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

பால்காரர் மகன்:
எங்கள் ஊர் பால் கூட்டுறவுச் சங்கத்தின் பேரவைக் கூட்டத்திற்குச் செயலாளரின் உரையைத் திருத்திக் கொடுக்கும் வேலை இந்த ஆண்டு என் தலையில் விழுந்தது. செயலாளர் எனக்குச் சித்தப்பா முறை. ஏழு நிமிடப் பேச்சில் ஒன்பது பழமொழிகள். வீட்டில் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "நல்லாத்தான் இருக்கிறது. பட்டுவாடா எப்போது என்று சொல்லவே இல்லையே?" என்றார். அந்த ஒரு கேள்விக்குப் பிறகுதான் சிவப்புப் பேனாவை எடுத்தேன்.

நான் செய்தது இவ்வளவுதான். பழமொழியை விரலால் மறைத்துக்கொண்டு, "இந்த இடத்தில் என்ன சொல்ல வருகிறீர்கள் சித்தப்பா?" என்று கேட்டேன். "சிறுதுளி பெருவெள்ளம்" இருந்த இடத்தில் அவருக்குப் பதில் இருந்தது: சேமிப்புப் பிடித்தம். அதையே எழுதினோம். "லிட்டருக்கு 50 காசு பிடிக்கிறோம். தினம் 10 லிட்டர் ஊற்றுகிறவருக்கு மாதம் 150 ரூபாய் சேரும்." "ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும்" இருந்த இடத்தை மறைத்தபோது அவர் மோட்டுவளையைப் பார்த்தார். அதன் அடியில் ஒன்றுமே இல்லை. அடித்துவிட்டேன்.

தகராறு வந்தது யானையால். மார்ச் மாதம் ஒரு பட்டுவாடா ஒன்பது நாள் தள்ளிப்போனது. அதற்கு அவர் எழுதியிருந்தது, "யானைக்கும் அடி சறுக்கும்." யார் யானை, எங்கே சறுக்கியது என்று ஒரு சொல்லும் கிடையாது. நான் எழுதிக் கொடுத்தது: "மார்ச் பட்டுவாடா ஒன்பது நாள் தாமதமானது. கணக்கை நேரத்தில் அனுப்பாதது என் தவறு." காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

ஒன்றை மட்டும் நானே விட்டுவைத்தேன். தீவனக் கடன் பாக்கி வைத்திருப்பவர்களில் பாதிப் பேர் எங்கள் உறவு, முன்வரிசையில் உட்காருகிறவர்கள். அங்கே "தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு" என்று தொடங்கி, "இனி தீவனக் கடன் மூன்று பட்டுவாடாவுக்குள் கழிக்கப்படும்" என்று முடித்தோம். பழமொழி இல்லாமல் சொன்னால் பெரியப்பாவைக் கைநீட்டிச் சொன்ன மாதிரி ஆகிவிடும். நீங்கள் எதை எடுத்தீர்கள், எதை வைத்தீர்கள்?

மாலை வகுப்பு அம்மா:
என் மகளுக்கு வரும் வெள்ளிக்கிழமை பேச்சுப் போட்டி. தலைப்பு "ஒற்றுமை". பத்துப் பழமொழிகளாவது இருந்தால்தான் மதிப்பெண் என்று வகுப்பாசிரியை சொல்லியிருக்கிறார். ஊர் கூடித் தேர் இழுப்பதை எடுத்துக்கொள்கிறேன். இன்னும் ஒன்பது இருந்தால் கொடுங்கள்.

கிராமச் செவிலியர்:
மேலே உள்ள அம்மா கேட்டதற்கு நேர் எதிரான கதை என்னுடையது. இரத்த அழுத்த முகாம்களில் பேசும்போது பல ஆண்டுகளாக "அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு" என்றுதான் உப்பைப் பற்றிய பகுதியைத் தொடங்குவேன். எல்லாரும் தலையாட்டுவார்கள். ஒரு முகாமில் ஒரு பாட்டி எழுந்து, "உப்பில்லாப் பண்டம் குப்பையிலே" என்றார். கூட்டம் கைதட்டியது. என்னிடம் பதில் இல்லை. யோசித்துப் பார்த்தால் நான் சொன்ன பழமொழியில் அளவு என்ற சொல் இருக்கிறதே தவிர, அளவு எங்கே இருக்கிறது?

அடுத்த முகாமுக்கு ஒரு தேக்கரண்டியும் ஒரு கிலோ உப்புப் பொட்டலமும் எடுத்துப்போனேன். "பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள். இந்தக் கரண்டியில் தலைதட்டி ஒன்றுக்கும் சற்றுக் குறைவு. ஊறுகாய், அப்பளம், கருவாட்டில் இருப்பதும் இந்தக் கணக்குக்குள்தான். வீட்டில் பெரியவர்கள் நான்கு பேர் என்றால் மாதம் 600 கிராமைத் தாண்டக்கூடாது. உங்கள் வீட்டில் கிலோ பொட்டலம் எத்தனை நாள் வருகிறது?" என்று கேட்டேன். ஒரு பெண் விரல் விட்டு எண்ணி, "பதினைந்து நாள்" என்றார். கைதட்டல் இல்லை. ஆனால் பேச்சு முடிந்தபின் கரண்டியை வாங்கிப் பார்க்க ஏழெட்டுப் பேர் வந்தார்கள்.

பாட்டியின் பழமொழியை மட்டும் இப்போது நானே முதலில் சொல்லிவிடுகிறேன். நான் சொல்லாவிட்டால் வேறு யாராவது சொல்வார்கள்.

மூன்றாம் மாடி:
எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும் என்பது என் கட்சி. எங்கள் குடியிருப்பில் புதிய ஆழ்துளைக் கிணறு போடுவது பற்றிக் கூட்டம். தலைவர் "பதறாத காரியம் சிதறாது" என்றார். பொருளாளர் "ஆறின கஞ்சி பழங்கஞ்சி" என்றார். இரண்டும் சரி. ஒரு மணி நேரம் போனது, எத்தனை அடி, யார் பணம் என்று யாருமே கேட்கவில்லை. எந்தப் பழமொழிக்கும் எதிர்ப் பழமொழி ஒன்று உண்டு, அதனால் பழமொழியை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. போதாக்குறைக்கு ஒருவர் "செவிடன் காதில் ஊதிய சங்கு" என்று முடித்தார். காதில் கருவி மாட்டியிருந்த பெரியவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
மூன்றாம் மாடி நண்பரே, பாதி சரி. நிரூபிக்க முடியாது என்பது உண்மை. ஆனால் பழமொழியின் வேலை நிரூபிப்பது அன்று. தொல்காப்பியச் செய்யுளியல் "குறித்த பொருளை முடித்தற்கு வரூஉம் ஏது நுதலிய முதுமொழி" என்கிறது. குறித்த பொருள் ஒன்று முன்பே இருக்க வேண்டும். அதை முடித்துவைக்கத்தான் முதுமொழி வருகிறது. பழமொழி நானூற்றைப் புரட்டிப் பாருங்கள், செய்தியைச் சொல்லிவிட்டுக் கடைசியில்தான் பழமொழி வந்து உட்காரும். நம் மேடைகளில் பழமொழி முன்னால் வந்து நின்றுகொள்கிறது, செய்தி வந்து சேர்வதே இல்லை. ஆகவே தம்பி, தீவனக் கடன் விதியை முதலில் சொல்லிவிட்டுத் தாயையும் பிள்ளையையும் பிறகு அழைத்திருக்கலாம்.

இன்னொன்று. "மண் குதிரை அல்ல, மண் குதிர்", "ஆயிரம் பேரை அல்ல, ஆயிரம் வேரை" என்று மேடையில் விளக்கம் கொடுக்கிறவர்கள் பெருகிவிட்டார்கள். நானும் வகுப்பில் அந்தத் தவறைச் செய்திருக்கிறேன். அந்த விளக்கங்கள் பலவற்றுக்குப் பழைய ஆதாரம் எதையும் நான் கண்டதில்லை. ஆதாரம் இருந்தாலும், விளக்கவுரை தேவைப்படும் பழமொழி பேச்சை நிறுத்திவிடுகிறது. கேட்பவர் பாதியிலேயே தானாக முடிக்கக்கூடியதாக இருந்தால் வையுங்கள். உழவர் கூட்டத்தில் "ஆடிப்பட்டம்" என்றாலே "தேடி விதை" என்று எதிரிலிருந்து குரல் வரும். அங்கே அது அலங்காரமும் அன்று, விதைப்புக் காலத்தையே சொல்லும் வாக்கியம்.

பால்காரர் மகன்:
ஐயா, வரிசையில் நான் உங்களோடு உடன்படவில்லை. விதியை முதலில் சொல்லியிருந்தால் பெரியப்பா எழுந்திருப்பார். பழமொழி முதலில் வந்ததால் அவரே சிரித்துக்கொண்டு "வேறுதான், வேறுதான்" என்றார். அதன் பிறகு விதி வந்தது, உட்கார்ந்தே கேட்டார்.

கூட்டம் நேற்று முடிந்தது. சித்தப்பா சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்து, ஒன்பது நாள் தாமதத்தையும் தன் தவறையும் அப்படியே வாசித்தார். கூட்டம் அமைதியாக இருந்தது. அந்த அமைதியைத் தாங்க முடியாமலோ என்னவோ, நிமிர்ந்து பார்த்து "யானைக்கும் அடி சறுக்கும்" என்று சேர்த்துவிட்டார். எல்லாரும் சிரித்தார்கள். பால் பரிசோதிக்கும் பையன் மட்டும் என் காதருகே, "அப்படியானால் யானை யார் என்று இப்போது தெரிந்துவிட்டது" என்றான்.

மாலை வகுப்பு அம்மா:
ஏழு கிடைத்துவிட்டது. இன்னும் மூன்று?