புதுப்பிப்பு: பினாங்கில் திருமணப் படங்கள், மூன்று மாதத்திற்குப் பிறகு

திருமணப் படம் எடுக்கும் நான் மூன்று மாதத்திற்கு முன் இங்கே கேட்டது: "நல்ல படங்கள் இருந்தும் முன்பதிவு வரவில்லை. எதை மாற்றுவது?"

பதில் தந்தவர்களில் பட்டர்வொர்த் அண்ணன் சொன்னபடி, பல திருமணங்களில் பொறுக்கிய படங்களை விலக்கி, ஒரே திருமணத்தை நலங்கிலிருந்து விருந்துவரை முழு ஆல்பமாக வைத்தேன். மங்கலான கோயில் மண்டபம், தாலி ஏறும் நொடி, பின்னால் கண்ணைத் துடைக்கும் அம்மா: ஆல்பத்தைப் புரட்டும் பெற்றோர் அந்தப் பக்கத்தில்தான் நிற்கிறார்கள்.

காணொளி மட்டும் போதும் என்ற தம்பி சொன்னது பாதி சரி. 30 விநாடிக் காணொளி விசாரிப்பைக் கொண்டுவந்தது. முன்பணம் வாங்கித் தந்தது ஆல்பம்.

கிள்ளான் அக்கா தம் மகளின் ஆல்பம் தாமதமான கதையைச் சொன்னார். அதன்பின் ஒப்படைக்கும் தேதியை எழுதிக் கொடுக்கிறேன்.

மணமக்கள் சம்மதத்துடன் ஒப்பனைக் கலைஞருக்கும் மணவறை அலங்கரித்தவருக்கும் அவரவர் வேலை தெரியும் 10 படங்களை அதே வாரத்தில் அனுப்புகிறேன். வந்த 4 முன்பதிவுகளில் 3 அவர்கள் வழியே வந்தவை. அவர்களுக்குக் கமிஷன் கொடுப்பதா என்பதை இன்னும் முடிவு செய்யவில்லை.