கொடித்தோடைக் கோடியலுக்கு எந்தக் கிரயம், அதற்கு என்ன பெயர்?

பண்டாரவளையிலிருந்து:

இங்குள்ள ஒரு கோடியல் ஆலைக்குக் கிரயக் கணக்கைத் தமிழில் எழுதிக் கொடுக்கிறேன். கொடித்தோடைச் சாற்றைச் சீனிப்பாகோடு காய்ச்சி, வடித்து, 750 மில்லிலீற்றர் போத்தலில் நிரப்புகிறார்கள். மாதம் 12,000 போத்தல். அதில் 2,000 ஹோட்டல்களுக்குப் போகும். அவற்றில் அந்தந்த ஹோட்டலின் பெயர் போட்ட லேபிள். இது ஓடர் ஓடராகச் செலவைச் சேர்க்கும் வேலைக் கிரயமா, கட்டம் கட்டமாகச் சேர்த்துச் சராசரி காணும் செய்முறைக் கிரயமா? இரண்டும் சேர்ந்ததென்றால் அதை எப்படி அழைப்பது?

அட்டனிலிருந்து, அச்சகம் நடத்துபவர்:

வேலைக் கிரயம்தான். அச்சகத்தில் கலியாணக் கார்ட் ஓடர் வந்தால் அதற்கென ஒரு அட்டை திறப்போம். தாள், மை, பிளேட், வெட்டுக்கூலி எல்லாம் அதில் ஏறும். ஹோட்டல் ஓடரும் அதே மாதிரித்தானே? எவ்வளவு இலாபம் வைக்கலாம் என்பதையும் அதிலேயே எழுதிவிடலாம்.

கண்டியிலிருந்து, கணக்காளர்:

அண்ணே, இலாபம் எவ்வளவு என்பது விலைக் கேள்வி. இங்கே கேட்பது, செலவு எந்த இடத்தில் சேர்கிறது என்று. லேபிள் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. ஆனால் தாங்கியில் கொதிக்கும்போது எந்த லீற்றர் எந்த ஹோட்டலுக்கு என்று யாராலும் சொல்ல முடியாது. அதுவரை செய்முறைக் கிரயம் மட்டுமே பொருந்தும்.

ஒரு மாதத்தை எடுத்துப் பார்ப்போம். காய்ச்சலுக்குள் போனது 10,000 லீற்றர், செலவு 19 இலட்சம் ரூபா. வடிதட்டில் தங்கும் சக்கை, ஆவி, குழாய் கழுவல் என்று 5 வீதம் போவது வழக்கம். ஆக எதிர்பார்ப்பது 9,500 லீற்றர். லீற்றருக்கு 200 ரூபா. வந்ததோ 9,000. குறைந்த 500 லீற்றரின் ஒரு இலட்சம் ரூபாவை அசாதாரண நட்டமாக நேரே இலாப நட்டக் கணக்குக்கு அனுப்ப வேண்டும். 19 இலட்சத்தை 9,000-ஆல் வகுத்தால் லீற்றர் 211 ரூபாவைத் தாண்டும். போத்தலுக்கு எட்டு ரூபாவுக்கு மேல் கூடும். கவனக்குறைவின் செலவு சரக்கு இருப்புக்குள் ஒளிந்துவிடும்.

எல்லாவற்றுக்கும் ஓடர் அட்டை போட்டால் நிலைமை இன்னும் மோசம். அன்று காலை முதலில் ஓடும் ஓடரின் தலையில் குழாய் கழுவிய நட்டம் முழுதும் விழும். மாறாக லேபிளையும் சராசரியாக்கினால்? சாதாரண லேபிள் 8 ரூபா, ஹோட்டல் லேபிள் 35 ரூபா என்று வையுங்கள். சராசரி 12.50. கடைப் போத்தல் ஒவ்வொன்றும் 4.50 ரூபா வீண்சுமை தாங்கும். ஹோட்டல் போத்தலுக்கு 22.50 ரூபா குறைவாகக் காட்டும். நிரப்பும் வரை செய்முறை, லேபிள் மேசையிலிருந்து ஓடர் அட்டை: இதுதான் என் தீர்ப்பு.

வெலிமடையிலிருந்து, ஆலைப் பொறுப்பாளர்:

500 லீற்றரை உடனே நட்டம் என்று எழுதாதீர்கள். கொதிக்கும் திரவத்தை அளந்தீர்களா, ஆறியதையா? 90 பாகையிலிருந்து 25 பாகைக்கு ஆறும்போது தண்ணீரே சுமார் 3 வீதம் சுருங்கும். பிறகு சீனிச் செறிவைக் காட்டும் பிரிக்ஸ் மானியைப் பாருங்கள். இலக்கை விடக் கூடியிருந்தால் அதிகம் காய்ச்சியிருக்கிறார்கள். கொதிக்க வைத்த நீரை அளவாகச் சேர்த்தால் அந்த லீற்றர்கள் திரும்பி வரும். பிரிக்ஸ் சரியாக இருந்தும் அளவு குறைந்தால்தான் கசிவு, சிந்தல், எண்ணிக்கைப் பிழை என்று தேட வேண்டும்.

கண்டியிலிருந்து, கணக்காளர்:

நல்லது, அந்தச் சோதனை முடிந்த பிறகே நட்டப் பதிவு.

பதுளையிலிருந்து, மொழிபெயர்ப்பாளர்:

இனிப் பெயருக்கு வருவோம். இரண்டும் சேர்ந்த இந்த முறைக்குக் ‘கலப்புக் கிரயம்’ என்று பெயர் வைத்தால் என்ன?

வெலிமடையிலிருந்து:

கலப்பறை என்றே ஒரு பகுதி ஆலையில் இருக்கிறது. அந்த அறையின் செலவு என்றுதான் எங்கள் பிள்ளைகள் எடுத்துக்கொள்வார்கள்.

கண்டியிலிருந்து:

‘செயற்பாட்டுக் கிரயம்’ என்பதும் வேண்டாம். செயற்பாட்டு அடிப்படைக் கிரயத்தோடு மாணவர் குழம்புவார்கள். ‘பிரிநிலைக் கிரயம்’ என்று வைத்தால், ஒரே மூலப்பொருளிலிருந்து பல பொருள் பிரியும் இணைப் பொருள் கணக்கு நினைவுக்கு வரும். இங்கே பிரிவது பொருளில்லை, ஓடர்தான்.

பதுளையிலிருந்து:

அப்படியானால் ‘தொடர்கட்டளைக் கிரயம்’. முதலில் தொடர், பிறகு கட்டளை. கணக்கு நடக்கும் வரிசையே பெயரில் இருக்கிறது.

அட்டனிலிருந்து:

‘தொடர்கட்டளை’ என்றால் மாதாமாதம் தொடர்ந்து வரும் ஓடர் என்றல்லவா எனக்குப் படுகிறது? ‘வழிக்கட்டளை’ என்று போடுங்களேன்.

கண்டியிலிருந்து:

அண்ணன் சொல்வது நியாயமான தடை. ஆனால் ‘வழி’ எந்த வழி என்று சொல்லவில்லை. இப்போதைக்கு ஏட்டில் இரண்டு தலைப்பாகவே எழுதுங்கள் தம்பி: ‘செய்முறை, நிரப்பல் வரை’, ‘கட்டளை, லேபிளிலிருந்து’. ஒரு விஷயம் மட்டும் சொல்லுங்கள். ஹோட்டல்களுக்குப் போத்தலின் வடிவமும் வேறா? வேறென்றால் எல்லை லேபிள் மேசையில் இல்லை, நிரப்பும் இயந்திரத்துக்கு முன்னாலேயே வந்துவிடும்.