240 என்று சொன்ன முந்திரி டின்னில் 240 எவ்வளவு? பணம் கட்டும் முன் பிரித்துப் பார்க்கலாமா?

வில்லியனூர்க்காரன்:
பண்ருட்டியில் தடவைக்கு இரண்டு 10 கிலோ டின்னாக முந்திரிப் பருப்பு எடுத்து, 250 கிராம் பாக்கெட் போட்டு புதுச்சேரிக் கடைகளுக்குக் கொடுக்கிறேன். போன தடவை 240 என்று தந்த டின்னில் பொடிப் பருப்பு நிறையக் கலந்திருந்தது. கேட்டால் "பிரிச்ச டின்னுக்கு நாங்க பொறுப்பில்ல" என்கிறார்கள். பணம் கட்டும் முன்பே பிரித்துக் காட்டச் சொல்வது சரியா? பிரித்தால் எதைப் பார்ப்பது?

கெடிலக்கரை:
சரிதான், கூச்சப்படாமல் கேளுங்கள். 240 என்பது ஒரு பவுண்டுக்கு, அதாவது 454 கிராமுக்கு, 220 முதல் 240 பருப்பு வரை. 320 என்றால் 300 முதல் 320 வரை. நம்பர் ஏற ஏற பருப்பு சின்னது, விலையும் இறங்கும். கடையில் நின்று பவுண்டு கணக்குப் போட வேண்டாம். உங்கள் பாக்கெட் அளவான 250 கிராமையே வைத்துக்கொள்ளுங்கள். சுத்தமான 240 என்றால் 121-இலிருந்து 132 பருப்பு வரும். 320 என்றால் 165-இலிருந்து 176. இரண்டுக்கும் நடுவே பெரிய இடைவெளி இருப்பதால் கலப்படம் தானாகவே தெரிந்துவிடும்.

ஒன்று கவனியுங்கள். முதலில் உடைசலைத் தனியாக எடுத்துவிட்டு, முழுப் பருப்பை மட்டும் 250 கிராம் நிறுத்து எண்ண வேண்டும். உடைசலோடு எண்ணினால் உங்கள் கணக்கும் நிற்காது, கடைக்காரரிடம் வாதமும் நிற்காது.

டின்கடை:
நான் விற்கிற பக்கத்து ஆள். வருகிறவர் எல்லாம் டின்னைப் பிரித்தால் நான் கடையைச் சாத்த வேண்டியதுதான். டின்னுக்குள் பையில் காற்றை உறிஞ்சி அடைத்த சரக்கு அது. பிரித்த நிமிஷத்திலிருந்து ஈரம் இழுக்க ஆரம்பிக்கும், அதுவும் ஐப்பசி கார்த்திகையில் கேட்கவே வேண்டாம். நீங்கள் பார்த்துவிட்டு "வேண்டாம்" என்று போய்விட்டால் அந்த டின்னை நான் யாரிடம் விற்பேன்? திரும்ப அடைக்க மெஷின் எல்லாக் கடையிலும் கிடையாது.

இன்னொன்று. தரம் பிரிக்கிறதில் அடுத்த கீழ் சைஸ் 5 சதவீதம் வரை இருக்கலாம், உடைசலும் 5 சதவீதம் வரை இருக்கலாம். ஏற்றுமதிக்கே அதுதான் வழக்கம். நாலு சின்னப் பருப்பைப் பார்த்ததும் ஏமாற்று என்று கிளம்பிவிடக் கூடாது.

நெல்லிக்குப்பத்தான்:
எண்ணுவதெல்லாம் வேலையத்தவன் வேலை. கண்ணாலேயே தெரியும். வெள்ளையாக, பெரிதாக இருந்தால் நல்ல சரக்கு. சந்தேகம் இருந்தால் அரிசி மூட்டைக்குப் போடுகிற குத்தூசியைப் பையில் ஒரு குத்து, முடிந்தது வேலை.

கெடிலக்கரை:
அண்ணே, அரிசிக்குக் குத்தூசி சரி. முந்திரிக்குள் விட்டால் நீங்களே அரைக் கைப்பிடி உடைசலை உண்டாக்கிவிட்டு அவர் தலையில் கட்டுவீர்கள். கண்ணால் பார்ப்பதிலும் பாதிதான் உண்மை. நிறம் மங்கி மஞ்சளானது பழசாகவோ சூடு அதிகம் பட்டதாகவோ இருக்கலாம், அது சரி. ஆனால் சைஸைக் கண் பிடிக்காது. மேலாக நல்ல பருப்பைப் பரப்பியிருந்தால் பெரிய பருப்புக்குப் பக்கத்தில் நடுத்தரமும் பெரிதாகவே தெரியும். பையை அகலத் தட்டில் முழுவதும் கொட்டச் சொல்லி, நடுவிலிருந்தும் அடியில் கிடந்ததிலிருந்தும் அள்ளி எண்ண வேண்டும்.

முதுநகர் செல்வி:
நானும் மொத்தமாகத்தான் எடுக்கிறேன், கருவாடு. எங்களுக்கு எண்ணிக்கை கிடையாது, எடைதான். எடுத்து இரண்டு தட்டு தட்டினால் உப்பும் மணலும் எவ்வளவு உதிர்கிறது என்று பார்ப்போம், வாலை மடக்கிப் பார்ப்போம். ஈரக் கருவாட்டை எடைக்கு வாங்கிவிட்டால் வீட்டில் காயக் காய நம் காசுதான் காயும். முந்திரிக்கும் அப்படி ஏதும் உண்டா, இல்லை நான் சம்பந்தமில்லாமல் பேசுகிறேனா?

கெடிலக்கரை:
அக்கா, நல்ல இடத்தைத் தொட்டீர்கள். முந்திரியில் ஈரம் 5 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. அதே 10 கிலோவில் 8 சதவீதம் ஈரம் இருந்து அப்புறம் 5-க்குக் காய்ந்தால், எடை 9 கிலோ 680 கிராம் பக்கம் நிற்கும். முந்நூறு கிராம், பருப்பு விலை கொடுத்து வாங்கிய தண்ணீர். காயாமல் அப்படியே பாக்கெட் போட்டால் எடை நிற்கும், ஆனால் பூஞ்சை வரும், நமத்துப்போச்சு என்று கடைக்காரர் திருப்பி அனுப்புவார். மெஷின் இல்லாமல் பார்க்க ஒரு வழி: நாலைந்து பருப்பை எடுத்து விரலால் ஒடியுங்கள். காய்ந்தது 'டக்' என்று ஒடியும். ஈரமானது முதலில் கொஞ்சம் வளைந்து கொடுத்துவிட்டுத்தான் பிளக்கும். அப்படியே ஒன்றை வாயில் போட்டு மெல்லுங்கள். காறல் இருந்தால் பழைய சரக்கு. மோந்து மட்டும் பார்த்தால் புதிதாகப் பிரித்த பையில் சில சமயம் பிடிபடாது.

வில்லியனூர்க்காரன்:
பாக்கெட் போடாமல் அந்த டின்னில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. இப்போதுதான் உட்கார்ந்து பார்த்தேன். 250 கிராமில் உடைசல் மட்டும் 21 கிராம். அதை எடுத்துவிட்டு முழுப் பருப்பை 250 கிராமுக்கு நிரப்பி எண்ணினால் 148. இன்னொரு அள்ளல் 146.

கெடிலக்கரை:
அப்போது விஷயம் தெளிவாகிவிட்டது. டின்கடை அண்ணன் சொன்ன 5 சதவீதத்தையும் அவருக்கே விட்டுக்கொடுப்போம். உள்ளதிலேயே சின்ன 240, அதில் 5 சதவீதம் உள்ளதிலேயே சின்ன 320 என்று வைத்தாலும் 135-ஐத் தாண்டாது. ஆகவே 135 வரை வாய் திறக்க வேண்டாம். 148 வருகிறது என்றால், அவருக்குச் சாதகமாகக் கணக்குப் போட்டாலுமே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் 320. நடுத்தரமாகப் பார்த்தால் பாதி. இரண்டு சைஸுக்கும் கிலோவுக்கு 60 ரூபாய் வித்தியாசம் என்று வையுங்கள், ஒரு டின்னுக்கு 200-லிருந்து 300 ரூபாய் போயிற்று. பாக்கெட்டில் உங்கள் லாபமே அவ்வளவுதானே?

டின்கடை:
கணக்கு சரி, மறுக்கவில்லை. ஆனால் உடைசலை என் தலையில் கட்டாதீர்கள். 21 கிராம் என்றால் 8 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். பண்ருட்டியிலிருந்து பஸ்ஸில் டின்னை உருட்டிக்கொண்டு போய், வில்லியனூரில் இறக்கி, வீட்டில் நாலு தடவை அள்ளிக் கொட்டியபிறகு எண்ணினால் உடையாமல் என்ன செய்யும்? பெரிய பருப்புதான் முதலில் உடையும், அதனால் மிச்சம் இருப்பது பொடியாகத் தெரியும். இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கெடிலக்கரை:
உடைசல் விஷயத்தில் ஒத்துக்கொள்கிறேன், வீட்டுக்குப் போன பிறகு அதை நிரூபிக்க முடியாது. உடைசல் எங்கே உண்டானது என்பது பருப்பில் எழுதியிருக்காது. ஆனால் பயணத்தில் 240 பருப்பு 320 ஆகச் சுருங்காது. பெரியது கொஞ்சம் உடைந்தால் எண்ணிக்கை இரண்டு மூன்று ஏறும், 148-க்குப் போகாது. அதனால்தான் கடையிலேயே, காசு கைமாறும் முன் பார்க்கச் சொல்கிறேன். அங்கே உடைசலையும் பேசலாம்.

பிரித்தால் கெட்டுவிடும் என்கிறீர்கள். இவர் வீட்டுக்குப் போன அன்றே பிரித்துப் பாக்கெட்தானே போடப்போகிறார்? எடுத்துக்கொண்டால் உங்களுக்கு நஷ்டம் எங்கே?

டின்கடை:
எடுத்துக்கொண்டால் இல்லை. வேண்டாம் என்றால் என் நஷ்டம். அதைத்தான் ஆரம்பத்திலிருந்து கேட்கிறேன், யாரும் பதில் சொல்லவில்லை.

நெல்லிக்குப்பத்தான்:
காடாம்புலியூர் பக்கம் போனால் உடைத்துத் தோல் நீக்கித் தரம் பிரிக்கிற இடத்திலேயே வாங்கலாமே. பை அடைக்கும் முன் தட்டில் கிடக்கும். அங்கேயே எண்ணி, கண்ணெதிரே அடைத்து வாங்கினால் பிரிக்கிற பேச்சே இல்லை. அதோடு அது சுத்தமான நம்ம ஊர் முந்திரி, வெளிநாட்டுச் சரக்கு கலக்காது.

டின்கடை:
இரண்டு டின் வாங்குகிறவருக்காக வேலையை நிறுத்திக் காட்டுவார்களா? பத்து இருபது எடுத்தால் மரியாதை உண்டு. "நம்ம ஊர் முந்திரி" என்பதும் அப்படித்தான். ஆப்பிரிக்காவிலிருந்து கொட்டை வாங்கி இங்கே உடைக்கிற யூனிட் எத்தனையோ. தானே புயல் 2011 டிசம்பரில் சாய்த்த மரங்களுக்குப் பதில் வைத்தது காய்க்கவே எத்தனை வருஷம் ஆனது! சைஸும் ஈரமும் சரியாக இருந்தால் எந்த ஊர்க் கொட்டை என்று நான் பார்ப்பதில்லை.

நெல்லிக்குப்பத்தான்:
ருசி வேறண்ணே. அதை எந்தத் தராசும் சொல்லாது.

கெடிலக்கரை:
ருசிச் சண்டை இன்னொரு நாள். வில்லியனூர்த் தம்பிக்கு இரண்டு டின்னுக்கு ஏற்ற வழி சொல்கிறேன். டின்னை அடுக்கிலிருந்து நீங்களே காட்டுங்கள், அவர் எடுத்து நீட்டுவதை வாங்காதீர்கள். பிரிக்கும் முன் மொத்த எடை போடுங்கள், கொட்டிய பிறகு காலி டின்னும் பையும் தனி எடை. பழைய வழக்கத்தில் 25 பவுண்டு டின் என்று ஒன்று உண்டு, அதில் 11 கிலோ 340 கிராம். டின்னின் உருவத்தை வைத்து எடையை நம்ப வேண்டாம். பிரிப்பதற்கு முன்பே பேசிவிடுங்கள்: "135-க்குள் வந்தால் இரண்டு டின்னும் எடுத்துக்கொள்கிறேன், தாண்டினால் பிரித்த டின்னை 320 விலைக்கு எடுத்துக்கொள்கிறேன், இன்னொன்று வேண்டாம்." அப்போது பிரித்த டின் அவர் தலையில் விழாது. அண்ணன் கேட்ட கேள்விக்கு இதுதான் என் பதில்.

டின்கடை:
இது கேட்கும்படியாக இருக்கிறது. ஆனால் 130 வந்து, "நிறம் பிடிக்கவில்லை" என்று ஒருவர் கிளம்பினால்?

முதுநகர் செல்வி:
நிறம் பார்க்கத்தான் முதலிலேயே மாதிரி கேட்பார்களே. மாதிரியைக் காட்டிவிட்டு அப்புறம் பிரியுங்கள். எங்கள் தொழிலில் கூடையைக் கவிழ்த்த பிறகு விலை பேச மாட்டார்கள், முன்பே பேசுவார்கள்.

வில்லியனூர்க்காரன்:
ஒரு சந்தேகம். என் பில்லில் வெறும் "முந்திரிப் பருப்பு 10 கிலோ" என்றுதான் இருக்கிறது. 240 என்று எழுதித் தரச் சொல்லலாமா?

கெடிலக்கரை:
கட்டாயம். எழுதாத 240-ஐ வைத்து யாரிடமும் பேச முடியாது.

டின்கடை:
240 என்று எழுதித் தருவேன். கூடவே "கீழ் சைஸ் 5 சதவீதம் வரை" என்றும் எழுதுவேன்.

வில்லியனூர்க்காரன்:
தாராளமாக எழுதுங்க அண்ணா. உடைசல் எவ்வளவு என்றும் சேர்த்து?

டின்கடை:
அது மட்டும் எழுத மாட்டேன் தம்பி. பஸ்ஸை நான் ஓட்டவில்லை.