மனச்சோர்வு நோய் மறுபடி வருதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? நான் எழுதி வெச்ச ஒரு பக்கம்

மொட்டைமாடி
மாத்திரை ஆரம்பிச்சு ஆறேழு மாசத்துல நல்லாவே தேறிட்டேன். அப்போ டாக்டர் கேட்டார், "போன தடவை முதல்ல மாறினது எது?" "மனசு பாரமாச்சு"ன்னேன். "அது பின்னாடி வந்தது. அதுக்கு முன்னாடி?" எனக்கு ஞாபகமே இல்லை.

அக்காவைக் கேட்டேன். பழைய வாட்ஸப்பைத் தள்ளிக்கிட்டே போய்க் காட்டினா. நான் அழ ஆரம்பிச்சதுக்கு ஒன்றரை மாசம் முன்னாடியே அவ கூப்பிட்டா நான் போனை எடுக்கறதில்ல, "அப்புறம் பேசறேன்"னு மட்டும் பதில். விடிகாலை நாலு மணிக்கு விழிப்பு. டிபன் பாக்ஸ் கழுவாம பையிலேயே கிடக்கும். ஞாயிறு குளியல் கிடையாது.

இந்த நாலைத்தான் எழுதினேன். ஏதாவது ரெண்டு சேர்ந்து ஒரு வாரம் நீடிச்சா அக்காகிட்ட சொல்லணும், டாக்டரை முன்கூட்டியே பார்க்கணும், மாத்திரையில நானா கை வைக்கக் கூடாது. பீரோ கதவுல ஒண்ணு, அக்காகிட்ட ஒண்ணு.

மார்ச்ல ஆடிட் நேரம். நாலு மணி விழிப்பு, டிபன் பாக்ஸ். "வேலை ஜாஸ்தி, அவ்ளோதான்"னு எனக்கே சமாதானம் சொல்லிக்கிட்டேன். எட்டாவது நாள் அக்காவே போன் பண்ணி, "பேப்பரை எடு"ன்னா. டோஸை மாத்தினாங்க. தூக்கம் சரியாக மூணு வாரம் ஆச்சு. ஆபீசுக்கு லீவு போடற நிலைமை வரல.

குமரன்77
எனக்குத் தூக்கம் கொறஞ்சா ஜாலிதான்! ராத்திரி ரெண்டு மணிக்கு வீட்டையே ஒதுங்க வைப்பேன். அப்ப எனக்கு இது வராதுன்னுதானே அர்த்தம்?

வார்டு_அக்கா
தம்பி, தூக்கம் கொறஞ்சும் களைப்பே இல்லாம தெம்பா இருந்தா அது வேற கதையா இருக்கலாம். அதை அப்படியே உங்க டாக்டர்கிட்ட சொல்லுங்க, மாத்திரையே மாறலாம்.

மொட்டைமாடி, உங்க லிஸ்ட்ல எனக்குப் பிடிச்சது, எல்லாமே அடுத்தவங்க கண்ணுக்குத் தெரியற விஷயம். பதினாலு வருஷமா பார்க்கறேன், "சோகமா இருந்தா"ன்னு எழுதறவங்கதான் கோட்டை விடுவாங்க. திரும்ப வரும்போது அது சோகமாத் தெரியாது, "நான் சோம்பேறி"ன்னு தோணும். ஒண்ணு மட்டும் சேருங்க. சாகணும்ங்கற நினைப்பு எட்டிப் பார்த்தா ரெண்டு, ஒரு வாரம்ங்கற கணக்கே வேண்டாம், அன்னைக்கே சொல்லணும். நடுராத்திரின்னா அரசோட டெலி மானஸ் ஹெல்ப்லைன் 14416, தமிழ்லயே பேசலாம்.

செண்பகம்
நல்லானதும் மாத்திரையை நிறுத்திட்டு இந்த மாதிரி லிஸ்ட் வெச்சுக்கிட்டாப் போதும். நான் அப்படித்தான்.

வார்டு_அக்கா
லிஸ்ட் சரிம்மா, நிறுத்தினது டாக்டருக்குத் தெரியுமா? குணமான பிறகும் குறைஞ்சது ஆறு மாசம் தொடரச் சொல்வாங்க, ஏற்கெனவே வந்து போனவங்களுக்கு இன்னும் நீளும். திடீர்னு விட்டா தலைசுத்தல், தூக்கக்கேடு வரலாம். அது மாத்திரை விட்டதாலயா, நோய் திரும்புதான்னு உங்களுக்கே குழம்பும்.

செண்பகம்
தலைசுத்தல் இருந்துச்சு. பித்தம்னு நினைச்சேன்.

ஒரு_கணவன்
எங்க வீட்ல அந்தப் பேப்பர் என்கிட்டதான். நேத்து அவ சாப்பிடலைன்னு கேட்டதுக்கு, "என்னை வேவு பாக்கறியா?"ன்னுட்டா. பசியில்லாம இருந்திருக்கலாம்தான். எத்தனை நாள் வாயைத் திறக்காம இருக்கறது?

மொட்டைமாடி
அக்காகிட்ட நான் பேசி வெச்சது, "பேப்பரை எடு"ங்கற ஒரு வார்த்தை மட்டும். காரணம் கேட்கக் கூடாது. அப்படியும் ரெண்டு தடவை சண்டை போட்டிருக்கேன்.